ஒரு வருடத்தில் எட்டு முறை தொண்டைக் காய்ச்சல்: டான்சிலை எடுத்தே ஆக வேண்டுமா?

கல்மண்டபத்தாள் | ஏப்ரல் 9, இரவு 10.40

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் குடியிருக்கிறோம். மகளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, எடை 18 கிலோ. போன ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இன்றுவரை எட்டு முறை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்துவிட்டன. எச்சில் விழுங்கவே அழுகிறாள். பள்ளிக்குப் போகாத நாட்களை எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டுகிறது.

சென்ற வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தார். "சதை பெரிதாக இருக்கிறது, எட்டு முறை என்றால் எடுத்துவிடுவதுதான் நல்லது, மே மாதத்தில் வைத்துக்கொண்டால் பள்ளி கெடாது" என்றார். மொத்தம் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவர் சரி என்கிறார். மாமியார் கத்தி வைக்கவே கூடாது என்று சுண்ணாம்பையும் தேனையும் குழைத்துக் கழுத்தில் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் நடுவில் நிற்கிறேன். எடுத்தவர்கள், எடுக்காமல் விட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எண்ணூர்க் காற்று | ஏப்ரல் 9, இரவு 11.15

எடுத்துவிடுங்கள் சகோதரி, யோசிக்கவே வேண்டாம். என் பையனுக்கு ஐந்து வயதில் எடுத்தோம். அதற்கு முன்னால் ராத்திரி முழுவதும் குறட்டை. வாயைத் திறந்துகொண்டே தூங்குவான், திடீரென மூச்சு நிற்கும், பிறகு மூழ்கி எழுந்தவனைப் போலத் திணறி இழுப்பான். டான்சிலோடு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து சத்தமே இல்லை. மணலிப் புகையிலும் எண்ணூர்ச் சாம்பலிலும் வளரும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வரத்தான் செய்யும்.

மருந்துச்சீட்டு | ஏப்ரல் 10, காலை 7.05

தண்டையார்பேட்டையில் பதினான்கு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வைரஸா பாக்டீரியாவா என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொண்டை சிவந்து மட்டும் இருந்தால் வைரஸ். டான்சில் மேல் வெள்ளையாகச் சீழ் தெரிந்தால் பாக்டீரியா, ஆன்டிபயாடிக் இல்லாமல் போகாது. அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடிக்கடி வந்தால் இரத்தத்தில் ஏ.எஸ்.ஓ. பாருங்கள். அது 200-ஐத் தாண்டினால் கிருமி உள்ளேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அறுவை சிகிச்சை செய்வதே சரி.

பழைய வண்ணை | ஏப்ரல் 10, காலை 8.30

உள்நாக்கை அறுத்தால் பேச்சு குழறாதா? எங்கள் காலத்தில் உள்நாக்கு வளர்ந்தால் விரலில் மிளகுத்தூள் தொட்டுத் தூக்கிவிடுவார்கள். தொண்டையில் வெள்ளைப் படலம் என்றால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. என் தம்பியைச் சிறு வயதில் தொண்டை அடைப்பான் என்று தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்தது பெரிய காரியம்.

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 10, முற்பகல் 11.20

குழந்தைகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். முதலில் பெரியவருக்கு: நாம் பேசுவது உள்நாக்கைப் பற்றி அல்ல. உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் அதற்கு இரண்டு பக்கமும் சுவரில் பதிந்திருக்கும் சதை. அதை எடுத்தால் பேச்சு குழறாது. விரல் விட்டுத் தூக்கும் வேலையை இனி யாரும் எந்தக் குழந்தைக்கும் செய்ய வேண்டாம்.

அம்மா, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது "எட்டு முறை" என்ற எண். எந்த எட்டு? அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசப் பல நாடுகளில் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் ஆண்டுக்கு மூன்று முறை. இதைக் கேட்டதும் "எட்டு ஏழைவிடப் பெரியது" என்று எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தொண்டை வலியோடு இந்த நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும், அதை டாக்டர் பார்த்து அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்: 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் வலியோடு அல்லது பெரிதாக நெறி கட்டுதல், டான்சில் மேல் வெள்ளைப் படிவு, தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுக்கும் ஸ்வாபில் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாக் கிருமி இருப்பது.

எழுதியிருக்க வேண்டும் என்று ஏன் கேட்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவரின் குழு 1978-இல் ஒரு கணக்கைச் சொன்னது. அடிக்கடி தொண்டைத் தொற்று வருகிறது என்று பெற்றோர் சொன்ன, ஆனால் பதிவு ஏதும் இல்லாத 65 குழந்தைகளைக் கூடவே இருந்து கவனித்தார்கள். சொன்ன வேகத்திலேயே தொற்று தொடர்ந்தது 11 பேருக்கு மட்டும். பெற்றோர் பொய் சொல்லவில்லை. காய்ச்சலுள்ள குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவருக்கு ஒவ்வொரு சளியும் தொண்டைப் புண்ணாகவே நினைவில் நிற்கிறது.

பழைய சீட்டுகள் இருக்கின்றனவா?

கல்மண்டபத்தாள் | ஏப்ரல் 10, இரவு 9.50

இருக்கின்றன ஐயா. ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரில்தான் எல்லாம் கிடக்கிறது. சீட்டில் இருப்பதோடு எனக்கு நினைவிருப்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஜூன் மூன்றாம் வாரம் 100.4, மூக்கொழுகல், இருமல். சீட்டில் "தொண்டை சிவப்பு" என்று மட்டும் இருக்கிறது. மூன்று நாள் ஆன்டிபயாடிக்.

ஜூலை கடைசியில் 102.5. இருமல் இல்லை. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது, தொட்டால் கத்தினாள். டான்சில் மேல் வெள்ளை. அமாக்சிசிலின் பத்து நாளுக்கு எழுதினார்கள், நான்காம் நாளே விளையாடப் போய்விட்டதால் நிறுத்திவிட்டோம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அப்படியே திரும்பவும், 102. அசித்ரோமைசின் மூன்று நாள்.

செப்டம்பரில்தான் ரொம்பப் பயந்தோம். ஐந்து நாள் 103. டான்சில் முழுக்க வெள்ளை, கண்கள் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது, இருமலும் இருந்தது. இரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அழற்சி அளவு அதிகம் என்று இரண்டு ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். எதற்கும் கேட்காமல் ஆறாம் நாள் தானாக இறங்கியது.

அக்டோபரில் வாய்க்குள்ளும் உள்ளங்கையிலும் கொப்புளங்கள். தக்காளிக் காய்ச்சல் என்றார்கள். அதையும் நான் எட்டில் சேர்த்துத்தான் எண்ணினேன்.

டிசம்பர் மழையில் சளி, இருமல், குரல் கம்மல். ஜனவரியில் 102.8, வயிற்று வலி, இரண்டு முறை வாந்தி, இருமல் இல்லை, மறுபடி நெறி. உடம்பு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருந்தது. மார்ச்சில் டாக்டரிடம் போகவில்லை, தெரிந்த கடையில் சொல்லி மருந்து வாங்கினோம்.

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 11, காலை 6.45

இவ்வளவு தெளிவாக எழுதும் தாயை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பியிருக்கிறார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஜூனும் டிசம்பரும் வைரஸ் சளி. மூக்கொழுகலும் இருமலும் குரல் கம்மலும் ஒன்றாக வந்தால் ஸ்ட்ரெப்புக்கு வாய்ப்பு மிகக் குறைவு. அந்தக் கிருமி தொண்டையைப் பிடிக்கும், மூக்கையும் குரல்வளையையும் பெரும்பாலும் தொடாது. அக்டோபரும் வைரஸ்தான், அதற்கும் டான்சிலுக்கும் சம்பந்தமில்லை. மார்ச்சில் யாரும் பார்க்கவில்லை, எண்ணிக்கையில் வராது.

செப்டம்பர்தான் இதில் பாடம். மருந்துச்சீட்டு தம்பி சொன்ன வெள்ளைச் சீழ் டான்சில் முழுக்க இருந்தது. ஆனால் கண்சிவப்பும் இருமலும் கூடவே இருந்தன, ஐந்து நாள் காய்ச்சல் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையவில்லை. அடினோவைரஸ் இப்படித்தான் செய்யும். வெள்ளைப் படிவும் போடும், சி.ஆர்.பி.யையும் ஏற்றும், பார்ப்பவரைப் பாக்டீரியா என்று நம்பவும் வைக்கும். பையன் பெரியவனாக இருந்து, வெள்ளைப் படிவோடு வாரக்கணக்கில் சோர்வும் கழுத்தின் பின்பக்கம் நெறியும் இருந்தால் எப்ஸ்டைன்-பார் வைரஸை நினைப்போம். அந்த நேரத்தில் அமாக்சிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடித்துவிடும். பிறகு வாழ்நாள் முழுவதும் "பெனிசிலின் அலர்ஜி" என்று தவறாக எழுதிவைப்பார்கள்.

மிஞ்சுவது ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி. திடீர்க் காய்ச்சல், இருமல் இல்லை, கழுத்தின் முன்பக்கம் வலியோடு நெறி, ஐந்து முதல் பதினைந்துக்குள் வயது. ஜனவரியில் வாந்தியும் வயிற்று வலியும் உப்புத்தாள் தோலும் வேறு. ஸ்ட்ரெப் என்று சந்தேகிக்க இதைவிட வேண்டாம். ஆனால் மூன்றில் ஒன்றில்கூட ஸ்வாப் எடுக்கவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் இரண்டா ஒன்றா என்பதும் எனக்குச் சந்தேகமே. நான்கு நாளில் மருந்தை நிறுத்தினால் வலி போய்விடும், கிருமி போகாது. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது பழைய விருந்தாளியாகவே இருக்கலாம்.

செப்டம்பரையும் எண்ணிக்கையில் சேர்க்கலாம் என்று வாதிடலாம், அளவுகோல் கிருமியின் பெயரைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அப்படிச் சேர்த்தாலும் நான்கு. ஏழுக்கு வெகுதூரம்.

மருந்துச்சீட்டு | ஏப்ரல் 11, காலை 9.10

டாக்டர் ஐயா, மரியாதையோடுதான் கேட்கிறேன். ஸ்வாப் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர இரண்டு நாள் காத்திருந்தால் இதயம் பாதிக்காதா? ஸ்ட்ரெப்புக்குப் பின்னால் வந்து இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் நம் ஊரில் இல்லாத வியாதியா? அதனால்தான் கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் மருந்து கொடுக்கிறோம்.

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 11, பிற்பகல் 1.30

நல்ல கேள்வி. பயம் நியாயமானது, அவசரம்தான் தேவையற்றது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் வகை மருந்தை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஆகவே இரண்டு நாள் காத்திருக்க இடம் இருக்கிறது. குழந்தை தண்ணீர்கூட இறங்காமல், வாயைத் திறக்க முடியாமல், எச்சில் வடிய இருந்தால் அது வேறு கதை. டான்சிலுக்குப் பின்னால் சீழ்க்கட்டி இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது உங்கள் மூன்று நாள் அசித்ரோமைசினைப் பற்றி. ஸ்ட்ரெப் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்கு எதிர்ப்பு வளர்க்கவில்லை, அசித்ரோமைசினுக்குப் பல இடங்களில் வளர்த்துவிட்டது. பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் பத்து நாள் என்பது சலிப்பான மருந்து, வேலை செய்வது அதுதான். பெனிசிலின் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டுமே மற்றது.

ஏ.எஸ்.ஓ. பற்றி: அது உடம்பு பழைய ஸ்ட்ரெப்போடு சண்டை போட்டதன் தழும்பு. தொற்று வந்து சில வாரங்கள் கழித்து ஏறும், மாதக்கணக்கில் இறங்காமல் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். மூட்டு வீங்கி வந்த குழந்தைக்கு ருமாட்டிக் காய்ச்சலா என்று பார்க்க அது உதவும். இன்றைய தொண்டை வலிக்கும், டான்சிலை எடுப்பதா வேண்டாமா என்பதற்கும் அது பதில் சொல்லாது.

மருந்துச்சீட்டு | ஏப்ரல் 11, பிற்பகல் 2.05

ஏ.எஸ்.ஓ. விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்வாப் எங்கே எடுக்கிறார்கள்? கூலி வேலைக்குப் போகிறவர் அரை நாள் விட்டுவிட்டு லேபுக்கு அலைவாரா? காசிமேட்டிலிருந்து விடியற்காலையில் வருகிற பெண்ணிடம் நான் கல்ச்சர் பற்றிப் பேச முடியாது.

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 11, பிற்பகல் 2.40

அதற்கு என்னிடம் பதில் இல்லை தம்பி. குறைந்தபட்சம் மூக்கொழுகலோடு வருகிற பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்கலாம்.

இரவுப்பணி | ஏப்ரல் 12, அதிகாலை 4.10

வார்டில் நர்ஸாக இருக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா, தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

முழு மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். வலி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை இருக்கும், காதிலும் வலிக்கும். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாக ஆடை கட்டும். அதைப் பார்த்துச் சீழ் என்று ஓடிவருகிறவர்கள் நிறையப் பேர், அது புண் ஆறும் அடையாளம். பெரிய சண்டை தண்ணீர் குடிக்க வைப்பதில்தான். வலிக்கிறது என்று குடிக்காத குழந்தைக்குத் தொண்டை காய்ந்து வலி இன்னும் கூடும். வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், கோடீன் உள்ள மருந்து பன்னிரண்டு வயதுக்குள் கூடாது.

பயப்பட வேண்டியது இரத்தக் கசிவுக்கு. முதல் 24 மணி நேரத்தில் வரலாம், அப்போது பெரும்பாலும் எங்கள் கண் முன்னால் இருப்பார்கள். இன்னொன்று ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஆடை உதிரும்போது வரும். அப்போது குழந்தை வீட்டில் இருக்கும். தூக்கத்திலேயே திரும்பத் திரும்ப எதையோ விழுங்கிக்கொண்டிருந்தால் விளக்கைப் போட்டுப் பாருங்கள், இரத்தத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். புதிய சிவப்பு இரத்தம் துப்பினால் கொஞ்சம்தானே என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. எங்கள் வார்டுக்கு ஏழாம் நாள் இரவு ஒரு பையன் இப்படி வந்தான். இரண்டு மணி நேரம் ஐஸ்கட்டி வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

எண்ணூர்க் காற்று | ஏப்ரல் 12, காலை 8.00

பயமுறுத்தாதீர்கள். என் பையன் நான்காம் நாள் இட்லி சாப்பிட்டான்.

பழைய வண்ணை | ஏப்ரல் 12, காலை 9.25

எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்கிறார்களே? என் தம்பிக்கு வந்தது இதே வெள்ளைதானா?

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 12, முற்பகல் 10.15

தம்பிக்கு வந்தது டிப்தீரியாவாக இருக்கும். அந்தப் படலம் சாம்பல் நிறம், டான்சிலோடு நிற்காமல் உள்நாக்கு வரை படரும், உரித்தால் இரத்தம் வரும், கழுத்து எருதின் கழுத்தைப் போல வீங்கும். இன்று அரிது, இல்லாமல் போய்விடவில்லை. அம்மா, ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று அட்டையைப் பாருங்கள்.

எதிர்ப்புச் சக்தி: தொண்டையில் இதே வகைத் திசு வேறு இடங்களிலும் இருக்கிறது, எடுத்த பிள்ளைகள் நோயாளிகளாகத் திரிவதை நான் பார்த்ததில்லை. பல வருடங்கள் கழித்து ஏதாவது வித்தியாசம் தெரியுமா என்பதில் மட்டும் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் ஓயவில்லை.

அறுவை சிகிச்சையால் பலன் உண்டு. பாரடைஸ் குழுவே 1984-இல் காட்டியது: கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு வருடம் தொற்று தெளிவாகக் குறைந்தது. ஆனால் எடுக்காதவர்களில் பலருக்கும் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. டான்சில் இயல்பாகவே நான்கு முதல் ஏழு வயதில் பெரிதாக இருக்கும், பிறகு சுருங்கும். ஆகவே டார்ச்சில் பெரிதாகத் தெரிந்தது தனியாக ஒரு காரணம் ஆகாது.

எண்ணூர்க்காரர் சொன்னது வேறு கணக்கு. மூச்சு அடைக்கும் பிள்ளைக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்று யாரும் எண்ண மாட்டார்கள். அம்மா, மகள் எப்படித் தூங்குகிறாள்?

கல்மண்டபத்தாள் | ஏப்ரல் 12, இரவு 10.20

குறட்டை விடுகிறாள் ஐயா. வாயைத் திறந்துதான் தூங்குவாள். நான் அதைக் கேள்வியாகவே நினைக்கவில்லை, அவள் அப்பாவும் அப்படித்தான். தடுப்பூசி போட்டாகிவிட்டது, அட்டையைப் பார்த்துவிட்டேன்.

ஓய்வு மருத்துவன் | ஏப்ரல் 12, இரவு 10.45

அப்படியானால் நான் நேற்றுக் காலையில் சொன்ன "ஏழுக்கு வெகுதூரம்" என்பதோடு விஷயம் முடியாது. சளி இல்லாத நாட்களில், ஆழ்ந்து தூங்கும்போது, மார்பு தெரியும்படி சட்டையை விலக்கி, பத்து நிமிடம் கைப்பேசியில் படம் பிடியுங்கள். மார்பு ஏறி இறங்கியும் சத்தம் நின்று, பிறகு திணறி இழுக்கிறாளா என்று பாருங்கள். இரவில் வியர்க்கிறதா, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்ததா, பகலில் எரிந்து விழுகிறாளா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த காய்ச்சலுக்கு முதல் மருந்துக்கு முன்னால் ஸ்வாப்.

கல்மண்டபத்தாள் | மே 6, இரவு 9.30

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். மே 1 அன்று காய்ச்சல் வந்தது, 101.6. கொஞ்சம் நெறி இருந்தது, மறுநாள் இருமலும் சேர்ந்தது. மருந்து கொடுக்காமல் ஸ்வாப் கொடுத்தோம். இரண்டு நாளில் முடிவு வந்தது, ஸ்ட்ரெப் வளரவில்லை. காய்ச்சல் மாத்திரையோடும் உப்புநீர்க் கொப்பளிப்போடும் நான்காம் நாள் சரியாகிவிட்டாள். மாமியார் பற்றுதான் காரணம் என்கிறார்.

தூக்கத்தை மூன்று இரவு படம் பிடித்தேன். இரண்டு இரவில் சாதாரணக் குறட்டை. ஒரு இரவில் மட்டும் இரண்டு முறை சத்தம் நின்று இழுத்தாள். அதைக் காட்டியதும் காது மூக்கு தொண்டை டாக்டர் இந்த முறை உட்கார்ந்து பேசினார். சீட்டுகளையும் வாங்கிப் பார்த்தார். தொற்றுக்காக என்றால் ஒரு வருடம் பொறுக்கலாம், தூக்கத்துக்காக என்றால் ஒரு இரவு தூக்கப் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்கிறார். கணவர் அந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவை அறுவை சிகிச்சைக்கே போட்டுவிடலாமே, ஜூனுக்குள் முடிந்துவிடும் என்கிறார். இன்னும் முடிவாகவில்லை.

எண்ணூர்க் காற்று | மே 6, இரவு 9.55

நான் முதல் நாளே சொன்னேன்.

ஓய்வு மருத்துவன் | மே 6, இரவு 10.10

நீங்கள் உங்கள் பையனைப் பற்றிச் சொன்னீர்கள். இரண்டு முறை இழுத்ததை வைத்து அறுக்க நானாக இருந்தால் யோசிப்பேன். பரிசோதனை செய்யாமல் அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் நல்ல மருத்துவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மருந்துச்சீட்டு | மே 7, காலை 7.15

சகோதரி, ஸ்வாப் எடுத்தபோது இரண்டு டான்சிலையும் பின்சுவரையும் தொட்டார்களா, நாக்கை மட்டும் தொட்டுவிட்டு எடுத்தார்களா? நாக்கில் எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். போன வாரம்தான் ஒரு லேப்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கல்மண்டபத்தாள் | மே 7, காலை 7.40

இரண்டு பக்கமும் தொட்டார், பின்னாலும் தொட்டார். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் விரலைக் கடித்துவிட்டாள்.